கணக்கில் சேராத சீட்டு

அன்புள்ள ஐயா,

மூன்று சீட்டுப் புதிரில் நாம் ஒரு சீட்டில் கை வைத்து, எதிராளி மீதி இரண்டில் ஒரு வெற்றுச் சீட்டைத் திருப்பிக் காட்டிய பிறகு, திருப்பாத மற்றச் சீட்டுக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு மடங்கு ஜெயிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஏஸ், இரண்டு வெற்றுச் சீட்டு வைத்து நானும் தம்பியும் ஆடிப் பார்த்தோம். நான் ஒன்றில் கை வைப்பேன், அவன் மீதி இரண்டில் ஒன்றைத் திருப்புவான். ஏஸ் வந்துவிட்டால் அந்த ஆட்டத்தைச் சேர்க்காமல் மறுபடி கலைப்போம். 40 ஆட்டத்தில் மாற்றியவன் ஜெயித்தது 21, மாற்றாதவன் 19. மிச்சம் இரண்டே சீட்டு, பாதிக்குப் பாதிதானே? யாரோ சொன்னதை அப்படியே எழுதிவிட்டீர்களா? உள்ளுணர்வை இனி நம்பவே கூடாதா?

க.

அன்புள்ள க.,

உட்கார்ந்து 40 ஆட்டம் ஆடி எழுதியும் வைத்தீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் மறுபடி கலைப்போம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம். உள்ளுணர்வு கிடக்கட்டும், அதைப் பிறகு பார்க்கலாம்.

எனக்குப் பதினான்கு வயதில் அக்காவும் நானும் இதே ஆட்டத்தை இதே தப்போடு ஆடினோம். அவள் பார்க்காமல் ஒரு சீட்டைத் திருப்புவாள், ஏஸ் வந்தால் "செல்லாது" என்று சொல்லிவிட்டுக் கலைப்பாள். எங்களுக்கும் பாதிக்குப் பாதிதான் வந்தது. புதிரே பொய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள், அடிக்கடி கலைத்துக் கலைத்து அவளுக்குச் சலித்துப்போய், திருப்புவதற்கு முன்னால் இரண்டு சீட்டின் முனையையும் கட்டைவிரலால் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வெற்றுச் சீட்டை மட்டும் திருப்ப ஆரம்பித்தாள். ஆட்டம் ஒன்றுகூட வீணாகவில்லை. ஆனால் மாற்றுகிற பக்கம் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. அக்கா ஏமாற்றுகிறாள் என்று சண்டையே போட்டேன். அவள் செய்ததெல்லாம் பார்த்தது மட்டும்தான்.

இப்போது உங்கள் கணக்குக்கு வாருங்கள். பார்க்காமல் திருப்பினால் மூன்று ஆட்டத்துக்கு ஒன்று என்கிற அளவில் திருப்பிய சீட்டே ஏஸாக வரும். அப்படியானால் 40 ஆட்டம் தேறுவதற்கு நீங்கள் கிட்டத்தட்ட 60 தடவை கலைத்திருக்க வேண்டும். 20 தடவை தள்ளிவிட்டீர்கள். அந்த 20 என்ன மாதிரியானவை? ஒவ்வொன்றிலும் ஏஸ் உங்கள் கையில் இல்லை, தம்பியின் பக்கம் இருந்தது. அவர் பார்த்திருந்தால் ஏஸைத் தொடாமல் பக்கத்துச் சீட்டைத் திருப்பியிருப்பார், மாற்றினால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். 20-ம் அப்படித்தான், ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. அவற்றை உங்கள் 21-ஓடு சேருங்கள்: 41-க்கு 19. நான் சொன்ன இரண்டு மடங்கு உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது, நீங்கள்தான் அதை நோட்டில் ஏற்றவில்லை!

மிச்சம் இரண்டு சீட்டு என்பதால் பாதி என்று சொல்வது சரியில்லை. நீங்கள் முதலில் கை வைத்த சீட்டு மூன்றில் ஒரு தடவைதான் ஏஸ். தம்பி பார்த்துவிட்டு வெற்றுச் சீட்டைக் காட்டுவதால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஏனென்றால் உங்கள் கையில் எது இருந்தாலும் அவரால் ஒரு வெற்றுச் சீட்டைக் காட்ட முடியும். ஏஸ் தம்பி பக்கத்து இரண்டு சீட்டில் இருக்கிற மீதி இரண்டு தடவையும், அவர் தொடாமல் விட்ட சீட்டுதான் ஏஸ். பார்க்காமல் திருப்பி, தற்செயலாக வெற்றுச் சீட்டு வந்தால் கதை வேறு. அங்கே நீங்கள் சொல்கிற பாதி சரிதான், நான் மறுக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் கிடப்பது இரண்டு ஆட்டத்திலும் அதே மூன்று சீட்டுதான், ஆனால் அது எப்படி அங்கே வந்தது என்பது வேறு.

யாரோ சொன்னதா என்று கேட்டது கொஞ்சம் வலித்தது. 1990-ல் அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் மர்லின் வாஸ் சவான்ட் ஒரு பத்திரிகையில் இதே மாதிரிப் புதிருக்கு மாற்றுங்கள் என்று பதில் எழுதியபோது ஆயிரக்கணக்கில் கண்டனக் கடிதங்கள் வந்தன, டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்கூட அவரை மட்டம் தட்டி எழுதினார்கள். அவர் சொன்னதுதான் சரி. பால் எர்டிஷ் மாதிரி ஒரு கணித மேதையே கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாராம். அதனால் நீங்கள் நம்பாததில் தப்பே இல்லை. எண்ணும்போது தள்ளிவிட்டதுதான் தப்பு.

இன்னொரு 60 ஆடுங்கள். தம்பி இரண்டு முனையையும் தூக்கிப் பார்க்கட்டும், ஒவ்வொரு தடவையும் வெற்றுச் சீட்டையே திருப்பட்டும், ஒவ்வொரு தடவையும் மாற்றச் சொல்லிக் கேட்கட்டும். உங்களிடம் ஏஸ் இருக்கும்போது மட்டும் கேட்டால் அது மோசடி, எந்தக் கணக்கும் செல்லாது. மாற்றி ஜெயிப்பது 36 வந்தாலும் 44 வந்தாலும் பதற வேண்டாம், அவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். 30 பக்கம் நின்றுவிட்டால் தம்பி பார்க்கிறாரா என்று முதலில் பாருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.