ஏழில் இருக்கும் செவ்வாய் ஆறுக்குப் போனால்

அன்புள்ள ஐயா, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கன்னி லக்னம் 24 பாகை. ராசிக் கட்டத்தில் செவ்வாய் ஏழில், மீனம் 5 பாகையில் இருக்கிறது. தென்காசி ஜோதிடர் செவ்வாய் தோஷம் என்கிறார். ஆப்பில் பார்த்த தம்பி மகன், பாவச் சக்கரத்தில் செவ்வாய் ஆறுக்குப் போய்விட்டது, தோஷமே இல்லை என்கிறான். எதை எடுத்துக்கொள்வது?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள ஐயா,

தம்பி மகன் போட்ட கணக்கு சரிதான், எடுத்த முடிவுதான் சரியில்லை.

ராசிக் கட்டத்தில் லக்னம் எந்தப் பாகையில் விழுந்தாலும் கன்னி முழுவதும் முதல் வீடு. பாவச் சக்கரத்தில் அந்த 24-ஆம் பாகைதான் முதல் பாவத்தின் நடு. சம பாவ முறையில் முன்னும் பின்னும் 15 பாகை எடுத்தால், கன்னி 9 முதல் துலாம் 9 வரை முதல் பாவம். அதன்படி ஏழாம் பாவம் மீனம் 9-இல்தான் தொடங்குகிறது. செவ்வாய் 5-இல் நிற்பதால் ஆறாம் பாவத்தின் கடைசியில் விழுகிறது.

ஆனால் செவ்வாய் மீனத்தை விட்டு எங்கும் போகவில்லை. ராசிநாதன் குருதான், நட்சத்திரம் உத்திரட்டாதி முதல் பாதம்தான். 3, 8-க்கு உடையவன் என்பதும் மாறவில்லை. ஏழாம் பார்வையும் மீனத்திலிருந்து கன்னிக்கே. மாறுவது ஒன்றுதான்: செவ்வாய் தசை, புக்திகளில் பலன் எந்த வழியாக வரும் என்பது. கணவன், கூட்டு என்பதைவிடக் கடன், வழக்கு, உடம்பு, போட்டி என்று ஆறாமிடத்து விஷயங்கள் முன்னால் நிற்கும். நான் பாவச் சக்கரத்தை இதற்குத்தான் எடுப்பேன்.

தோஷத்துக்கு எடுப்பதில்லை. 2, 4, 7, 8, 12 என்று லக்னத்துக்கு மட்டுமா எண்ணுகிறோம்? சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் சேர்த்தே எண்ணுகிறோம். அந்த இரண்டுக்கும் யாரும் பாவம் போடுவதில்லை, ராசியை எண்ணித்தான் பார்க்கிறோம். ஆட்சி, உச்சம் என்று சொல்லும் விலக்குகளும் ராசியை வைத்துத்தான். லக்னத்துக்கு மட்டும் பாவத்துக்குத் தாவினால் விதி பாதியில் மாறிவிடும். அதனால் ராசிப்படி ஏழில் செவ்வாய் என்றே வைத்து, விலக்கு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், பிறந்த நேரம். லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ஆறாம் பாவமும் ஏழாம் பாவமும் சேரும் சந்தியிலிருந்து செவ்வாய் 4 பாகைதான் தள்ளி நிற்கிறது. குழந்தை கால் மணி நேரம் முன்னால் பிறந்திருந்தால் லக்னம் 20-க்கு வந்து, செவ்வாய் சந்தியிலேயே நிற்கும். இன்னும் கொஞ்சம் முன்னால் என்றால் பாவத்திலும் ஏழுதான். ஆஸ்பத்திரிச் சீட்டில் 6.30, 7.00 என்று முழுசாக எழுதியிருந்தால் இந்த மாற்றத்தை நம்பிப் பலன் சொல்லமாட்டேன். 6.37 என்பதுபோல் இருந்தால் கொஞ்சம் நம்பலாம்.

ஆப்பில் எந்த முறை என்றும் பாருங்கள். கே.பி. முறையில் லக்னப் பாகை பாவத்தின் நடு இல்லை, தொடக்கம். அதில் ஏழாம் பாவம் மீனம் 24-இல் தொடங்கும். உங்கள் மகளுக்கு இரண்டிலும் ஆறுதான் வருகிறது. ஆனால் மீனம் 15-இல் ஒரு கிரகம் இருந்தால் ஒன்றில் ஏழு, மற்றதில் ஆறு.

மாப்பிள்ளை ஜாதகத்தையும் இதே முறையில்தான் பார்க்க வேண்டும். பெண்ணுக்குப் பாவம், பையனுக்கு ராசி என்று வைத்துப் பொருத்தம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.