டாக்ரோலிமஸ்: கம்பெனியை மாற்றி வாங்கலாமா?

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு கிட்னி மாத்தி ஒண்ணரை வருசமாச்சுங்க. டாக்ரோலிமஸ் காலையில 1 மி.கி., ராத்திரி 1 மி.கி. கோயமுத்தூர்ல வாங்குற மாத்திரை தீரப்போகுது. இங்க கோபியில வேற கம்பெனிது இருக்கு, விலையும் கம்மி. "மருந்து ஒண்ணுதானுங்க"ங்கிறார் கடைக்காரர். வாங்கலாமுங்களா?

பதில்: டாக்டரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். உடல் புதுச் சிறுநீரகத்தை அன்னியமாகக் கருதித் தாக்காமல் தடுப்பது இந்த மருந்து. இரத்தத்தில் இதன் அளவு சற்றுக் குறைந்தால் நிராகரிப்பு வரலாம். சற்றுக் கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கம்பெனி மாறும்போது உடல் உறிஞ்சும் அளவும் கொஞ்சம் மாறக்கூடும். மற்ற மாத்திரைகளில் பொருட்படுத்த வேண்டாத அந்த வித்தியாசம் இதில் முக்கியம்.

முதலில் அட்டையைப் பாருங்கள். பெயரோடு எக்ஸ்ஆர், பிஆர், ஓடி என்று ஏதாவது இருந்தால் அது நாளுக்கு ஒரே வேளை போடும், மெதுவாகக் கரையும் வகை. அவர் போடுவது இரு வேளை வகை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டதால் நிராகரிப்பு வந்தவர்கள் உண்டு. பில்லில் கம்பெனிப் பெயர், பேட்ச் எண், மில்லிகிராம் மூன்றும் இருக்கட்டும். கையிருப்பு பத்து நாளுக்குக் குறையும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் அலைவதுதான் கண்டதை வாங்க வைக்கிறது.

டாக்டரே மாற்றச் சொன்னால், ஒரு வாரத்தில் டாக்ரோலிமஸ் அளவும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முந்தைய வேளை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளை போடுவதற்குமுன் இரத்தம் கொடுக்க வேண்டும். லேபில் காலை 9 மணிக்கு எடுப்பார்கள் என்றால், முந்தின இரவு 9 மணிக்குப் போடச் சொல்லுங்கள். காலை மாத்திரையைப் பையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்ததும் போடட்டும். வீட்டிலேயே போட்டுவிட்டுப் பஸ் ஏறினால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். உண்மையில் 5 நானோகிராம் இருப்பவருக்கு 12 என்று வந்து, டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டால், நிராகரிப்புக்கு நாமே வழிவிட்டதாகும்.

நிராகரிப்பு பெரும்பாலும் வலியில்லாமல், கிரியாட்டினின் ஏறுவதில்தான் முதலில் தெரியும். மருந்து கூடினாலும் அது ஏறும் என்பதால் இரண்டு பரிசோதனையும் சேர்ந்தே வேண்டும். கை நடுக்கம், தலைவலி இருந்தால் மருந்து கூடியிருக்கலாம். சிறுநீர் குறைவு, கால் வீக்கம், ஒரே நாளில் ஒரு கிலோவுக்குமேல் எடை, பிரஷர் ஏற்றம், சிறுநீரகம் வைத்த இடத்தில் வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே மாற்று அறுவை செய்த மையத்துக்குப் போன் செய்யுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அப்படியே. எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டவருக்குத் தொற்று வேகமாகப் பரவும். அதற்காகக் கடையில் நீங்களாக மருந்து கேட்டு வாங்க வேண்டாம். கிளாரித்ரோமைசினும் ஃப்ளுகோனசோலும் டாக்ரோலிமஸ் அளவை உயர்த்தும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தாழ்த்தும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். பம்ப்ளிமாஸ் பழமும் அளவை உயர்த்தும், தவிர்க்கட்டும்.