கொரிய மொழி: தாத்தாவுக்கு மரியாதையா, நண்பனுக்கா?

"நெருங்கிய நண்பனிடம் 'தாத்தா வருகிறார்' என்பதற்கு 'ஹராபோஜி ஓசேயோ' என்றேன். ஏன் இவ்வளவு விறைப்பு என்கிறான். தாத்தாவுக்கு மரியாதை வேண்டாமா?"

வேண்டும், ஆனால் 'யோ' தாத்தாவுக்கு உரியதல்ல, கேட்பவருக்கு உரியது. நண்பனிடம் 'ஹராபோஜி ஓஷோ' என்று சொல்லுங்கள்.

பாடநூல்கள் 'சேயோ'வை ஒரே விகுதியாகக் கற்பிப்பதால் வரும் குழப்பமாக இருக்கலாம். அதில் இரண்டு உறுப்புகள் உள்ளன: வருபவரை உயர்த்தும் 'ஷி', கேட்பவருக்கான 'ஓயோ'. 'ஓஷோ'வில் 'ஷி' கரைந்து நிற்கிறது. தாத்தாவின் மரியாதை குறையவில்லை.

தாத்தாவுக்குப் பதில் தம்பி வருவதாக வைத்துப் பாருங்கள். ஆசிரியரிடம் 'வாயோ', நண்பனிடம் வெறும் 'வா'. இரண்டிலும் 'ஷி' வராது. கேட்பவர் மாறியதால் வால் மட்டும் மாறுகிறது.

ஒரு எச்சரிக்கை: தாத்தாவிடம் அப்பாவைப் பற்றிப் பேசும்போது, கேட்பவர் மூத்தவர் என்பதால் 'ஷி'யை விடுவது பழைய மரபு. இன்று வீடுகளில் சேர்த்துச் சொல்வதும் ஏற்கப்படுகிறது.