பெட்டிசத்தில் கையெழுத்து வைக்காமல் விடலாமா?

"வெள்ளவத்தையில் ஃப்ளாட். மேல்மாடி ரீச்சரின் டியூஷனுக்கு எதிராகப் பொலிஸுக்குப் பெட்டிசம் போடுகிறார்கள். எனக்கு அவரால் தொந்தரவில்லை. எப்படி மறுப்பது?"

முதலில் தாளை வாங்கி வாசியுங்கள். 'கீழே ஒப்பமிட்ட நாங்கள் அனைவரும் தினமும் இரவு பத்து மணிவரை சத்தத்தால் அவதிப்படுகிறோம்' என்று இருந்தால் நீங்கள் ஒப்பமிடுவது அந்த வசனத்துக்குத்தான், நாளைக்குப் பொலிஸ் வாக்குமூலம் கேட்டால் கேட்காத சத்தத்தைப் பற்றி என்ன சொல்வீர்கள்? கடிதமே இல்லாமல் வெறும் பெயர்ப்பட்டியல் தாளை நீட்டினால் இன்னும் மோசம், அதை எந்தக் கடிதத்தோடும் கோர்க்கலாம்.

வட்ஸ்அப் குரூப்பில் விளக்கம் எழுதாதீர்கள். வீட்டுக்கு வருபவரிடமே "அண்ணை, எனக்குச் சத்தம் கேக்கேல்லை, கேட்டதெண்டு எழுதேலாது" என்று சொல்லிவிடுங்கள். 'யோசிக்கிறேன்' மட்டும் வேண்டாம், திரும்ப வருவார்கள். படிக்கட்டில் பிள்ளைகளின் செருப்புக் குவிவதுதான் பிரச்சினை என்றால், சரி, அதை மட்டும் மேனேஜ்மென்ட் கோப்பரேஷனிடம் சொல்லலாம்.