செவலைக்குள் ஒளியும் மெர்ல்

அன்புள்ள ஐயா,

எங்கள் கோலி ஆண் நாய்க்கு மூன்று வயது. நல்ல பொன்னிறம். முதுகில் மட்டும் கருப்பு இழை இழையாக ஓடுகிறது. படம் இணைத்திருக்கிறேன். இது பிரிண்டிலா, சேபிளா? அடுத்த மாதம் ஒரு புளூ மெர்ல் பெண்ணோடு சேர்க்கப் போகிறோம். குட்டிகள் நீலக் கண்ணோடு கலர் கலராக வருமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

சேபிள்தான். முதுகு முடியைக் கையால் பிரித்து, நிழலில், ஃபிளாஷ் இல்லாமல் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முடியும் அடியில் வெளிர் செவலையாகவும் நுனியில் மட்டும் கருப்பாகவும் இருக்கும். அந்த நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போதுதான் இழை ஓடுவதுபோலத் தெரிகிறது. முடியைக் கலைத்துவிட்டால் இழையும் கலையும். பிரிண்டில் கோடு அப்படிக் கலையாது. அது விலாவில் மேலிருந்து கீழாக இறங்கும், கோட்டில் இருக்கும் முடியும் பெரும்பாலும் அடிவரை கருப்பாக இருக்கும். தவிர, கோலி இனத்தில் பிரிண்டிலை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நீலக் கண்ணை விடுங்கள். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'புளூ மெர்ல் பெண்ணோடு' என்று, அதைத்தான் பேச வேண்டும். உங்கள் பையனுக்கு மெர்ல் இல்லை என்று யார் சொன்னது?

மெர்ல் மரபணு கருப்பு நிறமியைத்தான் கலைக்கும். கருப்பு இருக்கும் இடத்தில் சாம்பல் பூத்து, இடையிடையே கருந்திட்டுகள் கிழிந்த ஓரத்தோடு நிற்கும். செவலை நிறமியில் அதன் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் நாயின் உடம்பில் முக்கால்வாசி செவலை. கருப்பு என்பது முடி நுனிகள் மட்டுமே. அங்கே மெர்ல் இருந்தாலும் எதில் தன்னைக் காட்டும்? வளர்ந்த சேபிள் நாயின் படத்தைப் பார்த்து 'மெர்ல் இல்லை' என்று சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் நம்பாதீர்கள்.

குட்டிக்காலப் படம் இருந்தால் தேடி எடுங்கள். சேபிள் குட்டி பிறக்கும்போது நிறையக் கருப்போடு பிறக்கும், வளர வளர வெளிறும். அதனால் முதல் சில வாரப் படங்களில் காதின் பின்புறத்தையும் முதுகையும் வாலின் மேற்புறத்தையும் பாருங்கள். கருமை எங்கும் ஒரே சீராக இருக்கிறதா, திட்டுத் திட்டாக விட்டுவிட்டு இருக்கிறதா? திட்டாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சீராக இருந்தால் சந்தேகம் குறையும், தீராது. ஒரு கருப்பு முடிகூட இல்லாத கிரீம் நிறப் பொமரேனியன் போன்ற நாய்களில் குட்டிப் படமும் உதவாது. அவற்றின் முடியில் மெர்ல் கலைப்பதற்குக் கருப்பே இல்லை.

இப்போது கணக்கு. பையனிடம் மெர்ல் மரபணுவின் ஒரு பிரதி ஒளிந்திருக்கிறது, பெண்ணிடமும் ஒன்று என்றால், ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு பிரதியும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு. எட்டுக் குட்டியில் சராசரியாக இரண்டு. அந்தக் குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். நிறமி செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் காது கேட்காது. கண் சிறுத்தோ குறைபட்டோ வரலாம், சிலவற்றுக்குப் பார்வையே இருக்காது. உங்கள் நாயை எவ்வளவு பாசமாக வளர்க்கிறீர்கள் என்பது அதன் முடியைப் பார்த்தாலே தெரிகிறது. அதன் பிள்ளைக்கு இப்படி ஒரு ஆபத்தை வண்ண ஆசைக்காக இழுத்து வைக்கலாமா?

செய்ய வேண்டியது மரபணுப் பரிசோதனை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். சாப்பிட்ட உடனே எடுக்காதீர்கள். பால் குடிக்கும் குட்டியானால் தாயிடமிருந்து சிறிது நேரம் பிரித்து வைத்துவிட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் தாயின் செல்லும் கலந்துவிடும். மெர்ல் என்பது மரபணுவுக்குள் செருகிக்கொண்ட ஒரு துண்டு. அந்தத் துண்டின் வால் நீளமாக இருந்தால் நிறம் பலமாகக் கலையும், குட்டையாக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே 'உண்டு, இல்லை' என்பதோடு நீளத்தையும் சொல்லும் பரிசோதனையாகக் கேளுங்கள்.

பையனுக்கு மெர்ல் இல்லை என்றே முடிவு வந்தாலும் இந்த ஜோடி வேண்டாம் என்பேன். அவன் சேபிள் மரபணுவின் இரண்டு பிரதி உள்ளவனாக இருந்தால் குட்டிகள் எல்லாமே சேபிள்தான், நீங்கள் எதிர்பார்க்கும் கலர் ஒன்றும் வராது. அவற்றில் ஏறக்குறைய பாதி மெர்லைச் செவலைக்குள் ஒளித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். வாங்கியவர் அதைச் சாதாரணச் சேபிள் என்று நினைத்து இன்னொரு மெர்லோடு சேர்ப்பார். பல கோலி வளர்ப்பாளர்கள் சேபிளையும் மெர்லையும் சேர்க்காமல் இருப்பது இதனால்தான். அந்தப் பெண்ணுக்கு மெர்ல் இல்லாத மூவண்ண ஆணைத் தேடச் சொல்லுங்கள். இதற்குள் சேர்த்துவிட்டிருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் பரிசோதனை செய்து, முடிவைக் கையில் கொடுத்த பிறகே குட்டியைக் கொடுங்கள்.