போனஸ் தொகையில் ஒளிந்திருக்கும் பிடித்தம்

கேள்வி: ஆயுள் காப்பீட்டு ஏஜென்டாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. 2025 ஆகஸ்டில் 41,800 ரூபாய் கட்ட வைத்து ஒரு புது பாலிசி போட்டேன். 25 சதவீதம் கமிஷன், 40 சதவீதம் போனஸ் என்றார்கள். பழைய பாலிசி ஒன்றின் தவணையும் வந்தது. ஆனால் வங்கியில் ஏறியது 7,448 ரூபாய். ஜூலையில் போட்ட ஒரு பாலிசியை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு இவ்வளவா பிடிப்பார்கள்?

பதில்: முதலில் 41,800-ஐப் பிரியுங்கள். அதில் 1,800 ரூபாய் ஜிஎஸ்டி. முதலாண்டு பிரீமியத்துக்கு அப்போது 4.5 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு அது கிடையாது. கமிஷன் கணக்கு பிரீமியமான 40,000-க்கு மட்டும்தான். அதில் 25 சதவீதம், 10,000 ரூபாய்.

போனஸ் 40 சதவீதம் என்பது பிரீமியத்தில் அல்ல, முதலாண்டு கமிஷனில். அதாவது 4,000. இதை 16,000 என்று எண்ணி ஏமாறாத புது ஏஜென்ட் குறைவு.

ஆனால் உங்கள் கமிஷன் ஸ்டேட்மெண்டில் போனஸ் 2,000 என்றுதானே இருக்கிறது? விஷயமே அங்கேதான். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லலாம். அப்படித் திரும்பிய ஜூலை பாலிசியின் பிரீமியம் 20,000. அதற்கு வாங்கிய 5,000 கமிஷன் மைனஸ் குறியோடு தனி வரியில் இருக்கும். போனஸுக்கோ பாலிசி எண் போடுவதில்லை, மாதத்துக்கு ஒரே தொகை. 10,000-இல் 5,000 போக மீதி 5,000. அதில் 40 சதவீதம் 2,000. ஜூலையில் வாங்கிய 2,000 போனஸ் சத்தமில்லாமல் இப்படித்தான் திரும்பிப் போயிருக்கிறது.

பழைய பாலிசியின் பிரீமியம் 12,000-க்குப் புதுப்பிப்புக் கமிஷன் 5 சதவீதம், 600 ரூபாய். எல்லாம் சேர்த்து 7,600. இரண்டு சதவீத டிடிஎஸ் 152 போக 7,448. கணக்கு சரி.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று. போனஸ் 2,000 என்று குறைந்து வந்த பிறகும், 'போனஸ் மீட்பு' என்று இன்னொரு 2,000 கழிந்திருந்தால் இரண்டு முறை பிடித்திருக்கிறார்கள். மைனஸ் வரியின் பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, ஜூலை, ஆகஸ்ட் ஸ்டேட்மெண்ட் இரண்டையும் இணைத்து கிளைக்கு எழுதுங்கள். வாய்வார்த்தை போதாது.

பாலிசி பிறகு காலாவதியானாலோ சரண்டர் ஆனாலோ எவ்வளவு திரும்பப் பிடிப்பார்கள் என்பது வேறு கதை. 2023 ஏப்ரல் முதல் கமிஷன் கொள்கையை அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே வகுக்கிறது. அதனால் பக்கத்து ஏஜென்டிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் ஏஜென்சி ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள்.