கறந்த பால், பாக்கெட் பால்: எதைக் காய்ச்ச வேண்டும்?

கேள்வி: எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பவர் கறந்த சூட்டோடு பால் தருகிறார். பச்சைப் பாலில்தான் சத்து முழுசாக இருக்கும் என்று என் மாமியார் அதைக் காய்ச்சாமலே என் மூன்று வயது மகனுக்குக் கொடுக்கிறார். பாக்கெட் பாலில் ஏடு சரியாகக் கட்டவில்லை, ஏதோ கலக்கிறார்கள் என்கிறார். உண்மையா? பாக்கெட் பாலையும் காய்ச்ச வேண்டுமா?

பதில்: பையனுக்குப் பச்சைப் பால் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். அதே மாட்டுப் பாலைக் காய்ச்சிக் கொடுங்கள், அது போதும்.

மாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று அத்தை கேட்பார். கால்நடை மருத்துவனாக நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஏழு மாதச் சினையில் மாடு கன்று வீசிவிட்டது, நஞ்சுக்கொடியும் விழவில்லை. சில நாளில் மாடு தேறிவிட்டது. தீனி எடுத்தது, கறவைக்கும் வந்தது. பாலின் நிறம், மணம், ருசி எதிலும் மாற்றம் இல்லை. கறக்கும் மகன் மட்டும் தினமும் ஒரு டம்ளர் நுரையோடு அப்படியே குடிப்பார். மற்றவர்கள் காபியில், தயிரில், எல்லாம் காய்ச்சிய பால். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அவர் திண்ணையில் சுருண்டு படுத்திருந்தார். சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, இடுப்பில் வலி. மாத்திரை போட்டால் விடும், சில நாளில் திரும்ப வரும். புருசெல்லோசிஸ் பரிசோதனை செய்யச் சொன்னேன். இருந்தது. மாட்டின் ரத்தத்திலும் இருந்தது. ஆறு வாரம் இரண்டு விதமான ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியதாயிற்று.

நாங்கள் கன்று வீச்சு நோய் என்று சொல்வது இதைத்தான். இந்தக் கிருமி மாட்டின் மடியில் தங்கி மாதக்கணக்கில் பாலோடு வெளியே வரும். பாலைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. மாட்டுக் காசநோய்க் கிருமியும் இதே வழியில் வரும். சாணம் பட்ட காம்பிலிருந்து சால்மோனெல்லாவும் சில வகை ஈ.கோலையும் சேரும். அந்த ஈ.கோலையில் ஒரு வகை சின்னக் குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். கர்ப்பிணிகள் பச்சைப் பாலைத் தொடவே கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி கருவைக் கலைத்துவிடும்.

இவை எல்லாம் சூட்டில் செத்துவிடும். பாஸ்டரைசேஷன் என்பது அந்தச் சூட்டை அளந்து கொடுப்பதுதான்: பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்து, உடனே 4 டிகிரிக்குக் குளிர வைப்பார்கள். பாலில் இயல்பாகவே பாஸ்படேஸ் என்றொரு நொதி உண்டு. அது காசநோய்க் கிருமியைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு தாங்கும். அது அழிந்துவிட்டதா என்று பார்த்துத்தான் சூடு போதுமான அளவு ஏறியதா என்று பால் பண்ணையில் தெரிந்துகொள்கிறார்கள். வீட்டில் பொங்க விடும்போது 72 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறோம். கால்சியமும் புரதமும் அதில் எங்கும் போகாது. பி வைட்டமின்களில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்காக அரை மணி நேரம் வற்றக் காய்ச்ச வேண்டாம். கிளறிக்கொண்டே ஒரு கொதி வர விட்டு இறக்கினால் சரி.

இனி ஏடு. ஹோமோஜனைசேஷன் செய்த பாலில் ஏடு மெல்லியதாகத்தான் கட்டும். கறந்த பாலில் கொழுப்பு சின்னச் சின்ன உருண்டைகளாக மிதந்து மேலே ஏறும். பாலை மிக அதிக அழுத்தத்தில் நூலிழை இடுக்கு வழியாகச் செலுத்தினால் அந்த உருண்டைகள் பொடியாக உடைந்து பால் முழுக்கப் பரவி நின்றுவிடும். எதுவும் கலப்பதில்லை. ஆனால் இதனால் கிருமி சாகாது, இது பாதுகாப்புக்கான வேலையே இல்லை. பாக்கெட்டில் ‘சமன்படுத்திய பால்’ என்று போட்டிருப்பதை இதுவென்று பலர் நினைக்கிறார்கள். அது கொழுப்பைக் குறைத்து 3 சதவீதத்தில் நிறுத்திய பால். அதிலும் ஏடு குறைவாகத்தான் கட்டும்.

பாக்கெட் பால் பண்ணையிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை குளிர்ச்சியாகவே இருந்திருந்தால் காய்ச்சாமல் குடிக்கலாம். ஆனால் விடியற்காலையில் கடை வாசலில் ட்ரேயில் எத்தனை நேரம் கிடந்ததோ நமக்குத் தெரியாது. அதனால் காய்ச்சுங்கள் என்றே சொல்வேன். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பாக்கெட்டை வாங்காதீர்கள்.

பால்காரரிடம் கிடேரிக் கன்றுகளுக்கு நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் கன்று வீச்சு தடுப்பூசி போட்டாரா என்று கேளுங்கள். அப்புறம், கறந்த பாலை வந்தவுடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். மடிநோய் வந்த மாட்டின் பாலில் இருக்கும் ஒருவகைக் கிருமி, பால் சில மணி நேரம் வெளியே இருந்தால் பெருகி நஞ்சை விட்டுவிடும். அதன்பிறகு காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. அந்தப் பாலைக் குடித்த சில மணி நேரத்திலேயே வாந்தி எடுக்கும். காலையில் வாங்கி மறந்துபோய் மதியம்வரை வெளியே இருந்த பாலைக் கொட்டிவிடுங்கள்.